அயனிப் பரிமாற்றக் குரோமட்டோகிராபியில் அமினோ அமிலங்கள்: ஆய்வக அறிக்கை எழுதும்போது எழும் கேள்விகள்

கீழே வரும் பதில்கள் எல்லாம் ஒரே சோதனையை வைத்து எழுதியவை. அஸ்பார்டிக் அமிலம், கிளைசின், லைசின் மூன்றும் கலந்த கரைசலை டவெக்ஸ் 50W-X8 ரெசினில் பிரிக்கிறோம். அது சல்போனிக் அமிலக் குழுக்கள் கொண்ட பாலிஸ்டைரீன், அதாவது வலிமையான நேர்அயனிப் பரிமாற்றி. கண்ணாடிக் குழாயின் உள்விட்டம் 1 செ.மீ., ரெசின் படுகையின் உயரம் 10 செ.மீ. முதலில் pH 3.25 சிட்ரேட் பஃபர், பிறகு pH 5.28 சிட்ரேட் பஃபர். வெளியே வருவதை 2 மி.லி. வீதம் டெஸ்ட் டியூப்களில் பிடித்து, நின்ஹைட்ரின் சேர்த்து 570 நானோமீட்டரில் அளக்கிறோம். உங்கள் கையேட்டில் அளவுகள் வேறாக இருந்தால் கணக்கு மாறும், காரணங்கள் மாறாது.

ரெசின் கொள்திறன் புட்டியிலேயே எழுதியிருக்கிறதே, அதை அப்படியே அறிக்கையில் போட்டால் போதாதா?

ஒப்பிடுவதற்குப் போடுங்கள். ஆனால் உங்கள் ரெசினின் கொள்திறன் என்று எழுத, நீங்கள் அளந்த எண் வேண்டும். புட்டியில் இருப்பது புதிய ரெசினுக்கு உற்பத்தியாளர் உறுதி தரும் குறைந்தபட்ச அளவு. உங்கள் மேசையில் இருப்பதோ பல வகுப்புகள் பயன்படுத்திய ரெசினாக இருக்கலாம்.

அளப்பது எளிது. ரெசினை 2 M HCl-இல் ஊறவைத்து H⁺ வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு கழுவிய நீர் லிட்மஸைச் சிவப்பாக்குவது நிற்கும் வரை வடிநீரால் கழுவுங்கள். இந்தக் கழுவலில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாமே பொய்யாகிவிடும். ஈர ரெசினில் ஒரு பங்கை 105 டிகிரியில் உலர்த்தி ஈரப்பதம் பாருங்கள். இன்னொரு பங்கைச் சிறு குழாயில் நிரப்பி, 100 மி.லி. 1 M NaCl-ஐ மெதுவாக விடுங்கள். ரெசினில் இருக்கும் H⁺ எல்லாம் Na⁺-க்கு இடம் கொடுத்து வெளியே வரும். வந்ததை 250 மி.லி.க்கு நீர்த்து, 50 மி.லி. எடுத்து 0.1 M NaOH-ஆல் தரம்பார்க்க வேண்டியதுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஈர ரெசின் 2.00 கிராம், ஈரப்பதம் 52 சதவீதம் என்றால் உலர் எடை 0.96 கிராம். தரம்பார்ப்பில் 9.5 மி.லி. செலவானால், 50 மி.லி.யில் இருந்தது 0.95 மில்லி சமானம், மொத்தத்தில் 4.75 மில்லி சமானம். அதை 0.96-ஆல் வகுத்தால் உலர் கிராமுக்கு 4.95. இதே 2 கிராம் குழாயில் 2.7 மி.லி. இடம் பிடித்திருந்தால், ஈர மி.லி.க்கு 1.76. இந்த ரெசினுக்குப் பொதுவாகத் தரப்படும் 1.7-உடன் இது நன்றாகவே ஒத்துப்போகிறது.

உங்கள் எண் நம்பத்தகுந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஸ்டைரீன் அலகிலும் ஒரு சல்போனிக் குழு ஏறியிருந்தால் அந்த அலகின் எடை 184. அப்படியென்றால் கிராமுக்கு உச்சபட்சம் 5.4 மில்லி சமானம்தான் வர முடியும். குறுக்குப் பிணைப்புக்காகச் சேர்த்த டைவினைல்பென்சீன் அதை இன்னும் கொஞ்சம் குறைக்கும். ஆகவே 6 அல்லது 7 வந்தால் ரெசின் மிக நல்லது என்று அர்த்தமில்லை, அமிலம் சரியாகக் கழுவப்படவில்லை என்றுதான் அர்த்தம். 3 வந்தால் ஒன்று ரெசின் பழையது, இல்லையென்றால் அது முழுமையாக H⁺ வடிவத்துக்கு மாறவில்லை. எது என்று தெரிய, புதிதாக அமிலம் விட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

அறிக்கையில் எண்ணோடு மூன்று விவரம் கட்டாயம் வேண்டும்: உலர் எடைக்கா ஈரக் கனஅளவுக்கா, H⁺ வடிவமா Na⁺ வடிவமா, எந்த மெஷ் அளவு. இவை இல்லாத கொள்திறனை யாராலும் பயன்படுத்த முடியாது.

கணக்குப் போட்டால் என் மாதிரி கொள்திறனில் ஒரு சதவீதம்கூட இல்லை. அப்புறம் எதற்காக அதை அளக்கச் சொல்கிறார்கள்?

மாதிரியை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானது. படுகையின் கனஅளவு 7.85 மி.லி. மி.லி.க்கு 1.7 என்று வைத்தால் குழாயின் மொத்தக் கொள்திறன் 13.3 மில்லி சமானம். நீங்கள் ஏற்றுவது ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோமோல். எல்லாம் முழுமையாகப் புரோட்டான் ஏற்ற நிலையில் அஸ்பார்டிக் அமிலத்துக்கும் கிளைசினுக்கும் ஒரு நேர்மின்சுமை, லைசினுக்கு இரண்டு. கூட்டினால் 20 மைக்ரோசமானம், அதாவது கொள்திறனில் 0.15 சதவீதம்.

ஆனால் அந்த 13.3 என்ற எண் பஃபருக்காகத்தான் முக்கியம். அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இடம்தான்.

ரெசின் H⁺ வடிவத்தில் இருக்கும்போதே pH 3.25 பஃபரை மேலே ஊற்றினால் என்ன ஆகும்? பஃபரில் உள்ள Na⁺ ரெசினில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பதிலாக H⁺ கீழே வரும். பஃபரில் Na⁺ செறிவு 0.2 M. 13.3 மில்லி சமானத்தை நிரப்ப 13.3 ÷ 0.2, அதாவது குறைந்தது 67 மி.லி. பஃபர் வேண்டும். படுகையின் கனஅளவைப்போல எட்டரை மடங்கு. அதுவரை குழாயின் அடியில் சொட்டுவது pH 3.25 பஃபரே அல்ல. சோடியம் சிட்ரேட்டை HCl-ஆல் சரிசெய்து தயாரித்த பஃபர் என்றால், சொட்டுவதன் pH 1-ஐ ஒட்டி இருக்கும். நீங்கள் 3.25-இல் பிரிப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், குழாய்க்குள் நடப்பதோ வலிமையான அமிலத்தில்.

இதை டியூப்பிலேயே பார்க்கலாம். முதல் டியூப்பில் pH தாளை நனைத்தால் அடர்ந்த சிவப்பு. முப்பதாவது டியூப்வரை அப்படியே போகும், அப்புறம் இரண்டு மூன்று டியூப்களுக்குள் நிறம் சட்டென்று மாறும். அந்த மாறும் இடத்தில்தான் அஸ்பார்டிக் அமிலமும் கிளைசினும் பெரும்பாலும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். பிரியவில்லை, பஃபர் சரியில்லை என்று அறிக்கையில் எழுதப்படுவது பல சமயம் இந்த நிலைதான்.

சரிசெய்வது கடினமல்ல. ரெசினைக் குழாயில் நிரப்பும் முன்பே, பீக்கரில் வைத்து 1 M NaOH விட்டு Na⁺ வடிவத்துக்கு மாற்றுங்கள். 8 மி.லி. ரெசினுக்கு 30 மி.லி. தாராளம். வெளிவரும் H⁺-ஐக் காரம் அங்கேயே நடுநிலையாக்கிவிடுவதால் மாற்றம் முழுமையாக நடக்கும். நீரால் கழுவி, pH 3.25 பஃபரில் இரண்டு முறை ஊறவைத்து, அதே பஃபரோடு சேர்த்துக் குழாயில் ஊற்றுங்கள். பீக்கரில் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. H⁺ வடிவத்திலிருந்து Na⁺ வடிவத்துக்குப் போகும்போது ரெசின் மணிகள் கொஞ்சம் சுருங்கும். குழாய்க்குள் சுருங்கினால் படுகை இறங்கும், சில சமயம் சுவரோரம் இடைவெளி விழும்.

கடைசியாக, உள்ளே போகும் பஃபரின் pH-உம் வெளியே வருவதன் pH-உம் ஒன்றாகும் வரை பஃபரை ஓட்டுங்கள். இரண்டு எண்களையும் செய்முறைப் பகுதியில் எழுதுங்கள். சமநிலைப்படுத்தப்பட்டது என்று வெறுமனே எழுதுவதைவிட, உள்ளே 3.25, வெளியே 3.27, 25 மி.லி.க்குப் பிறகு என்று எழுதுவது எவ்வளவோ மேல்.

அவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்றால் மாதிரியை அதிகமாக ஏற்றலாம்தானே?

அமினோ அமிலத்தை ஓரளவு கூட்டலாம். பிரித்தெடுக்கும் வேலையில் கொள்திறனின் ஒரு சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. அதற்கு மேல் போனால் பட்டைகள் அகலமாகி ஒன்றோடொன்று கலக்கும்.

உண்மையான ஆபத்து, மாதிரியோடு கூடவே வரும் அமிலத்திலும் உப்பிலும் இருக்கிறது. புரதத்தை 6 M HCl-இல் சிதைத்து அந்தக் கரைசலில் அரை மி.லி.யை நேரே ஏற்றினால், 3 மில்லி சமானம் H⁺ உள்ளே போகிறது. குழாயின் கொள்திறனில் ஏறக்குறைய கால்வாசி. சரி, NaOH விட்டு நடுநிலையாக்கிவிடலாம் என்றால் இன்னும் மோசம். அப்போது ஏறக்குறைய 3 M செறிவில் NaCl உள்ளே போகும், பஃபரில் இருக்கும் Na⁺-ஐப்போல பதினைந்து மடங்கு. அமினோ அமிலங்கள் ரெசினில் ஒட்டுவதற்கு முன்பே அந்த உப்பு அவற்றைக் கீழே தள்ளிவிடும். வெற்றிடக் கனஅளவான சுமார் 3 மி.லி.யிலேயே நின்ஹைட்ரின் நிறம் வந்துவிட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே HCl-ஐ வெற்றிடத்தில் ஆவியாக்கி, மிஞ்சியதை pH 2.2 சிட்ரேட் பஃபரில் கரைத்து ஏற்றுங்கள். அந்த pH-இல் அஸ்பார்டிக் அமிலத்துக்குக்கூட கொஞ்சம் நேர்மின்சுமை இருக்கும், அதனால் மூன்றும் படுகையின் உச்சியில் மெல்லிய பட்டையாக உட்காரும். மாதிரியின் கனஅளவையும் அரை மி.லி.க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்ரேட்தான் வேண்டுமா? எங்கள் ஆய்வகத்தில் பாஸ்பேட் பஃபர் தயாராக இருக்கிறது.

இந்த வேலைக்குப் பாஸ்பேட் ஒத்துவராது. பாஸ்பாரிக் அமிலத்தின் முதல் இரண்டு pKa 2.15-உம் 7.20-உம். நமக்கு வேண்டிய 3.25 முதல் 5.28 வரையிலான பகுதி சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறது. அங்கே பாஸ்பேட் pH-ஐத் தாங்கிப் பிடிக்காது. அசிடேட்டின் pKa 4.76 என்பதால் இரண்டாவது பஃபருக்கு அது பரவாயில்லை, 3.25-இல் பலவீனம். சிட்ரிக் அமிலத்துக்கு 3.13, 4.76, 6.40 என்று மூன்று pKa இருப்பதால் முழு தூரத்தையும் ஒரே அமிலத்தால் கடந்துவிடலாம்.

இன்னொன்று, சிட்ரேட் எதிர்அயனி. நேர்அயனிப் பரிமாற்றியில் அது ஒட்டாது. pH-ஐத் தாங்க வேண்டிய பொருளே ரெசினில் போய் ஒட்டிக்கொண்டால் ஓட்டத்தின் நடுவில் pH தாறுமாறாகும். அமோனியம் உப்புகளை இங்கே தவிர்ப்பதற்கு அது ஒரு காரணம். அமோனியா நின்ஹைட்ரினோடு ஊதா நிறம் தருவது இன்னொரு காரணம்.

தயாரிப்பு இப்படி: முதல் பஃபருக்கு டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 19.6 கிராமை ஏறக்குறைய 900 மி.லி. நீரில் கரைத்து, மீட்டர் 3.25 காட்டும் வரை HCl சேர்த்து, பிறகு ஒரு லிட்டராக்குங்கள். Na⁺ செறிவு 0.2 M. இரண்டாவதற்கு 34.3 கிராம், pH 5.28, Na⁺ செறிவு 0.35 M. HCl அதிகமாகி pH இறங்கிவிட்டால் NaOH சேர்த்துத் திருப்பாதீர்கள், Na⁺ கூடிவிடும். அறிக்கையில் pH-ஐ மட்டும் எழுதி Na⁺ செறிவை விட்டுவிடுவது மிகப் பரவலான குறை. ஏன் அது முக்கியம் என்பது லைசின் கேள்வியில் வருகிறது.

3.25 என்ற இந்த விநோதமான எண் எங்கிருந்து வந்தது?

1951-இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஸ்டான்ஃபோர்ட் மூரும் வில்லியம் ஸ்டைனும் டவெக்ஸ் 50-இல் அமினோ அமிலங்களைப் பிரித்துக் காட்டினார்கள். 1958-இல் ஸ்பாக்மனுடன் சேர்ந்து அந்த வேலையைத் தானியங்கிக் கருவியாக்கினார்கள். அவர்களது சிட்ரேட் பஃபர்களின் 3.25, 4.25, 5.28 என்ற வரிசையைத்தான் இன்றும் கையேடுகள் பின்பற்றுகின்றன. நெருக்கமான அமினோ அமிலங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாத இடமாகச் சோதித்துச் சோதித்துத் தேர்ந்த எண்கள் அவை.

நம் மூன்றுக்கும் அந்த எண் எப்படிப் பொருந்துகிறது என்று ஹெண்டர்சன்–ஹாசல்பாக் சமன்பாட்டால் பார்க்கலாம். அஸ்பார்டிக் அமிலத்தின் முதல் கார்பாக்சிலின் pKa 1.88. 3.25-இல் அதில் 96 சதவீதம் புரோட்டானை இழந்திருக்கும். பக்கச் சங்கிலியின் pKa 3.65, அதில் 28 சதவீதம் இழந்திருக்கும். அமினோ குழுவின் +1-இலிருந்து இரண்டையும் கழித்தால் நிகர மின்சுமை −0.24. கிளைசினுக்கு +0.11. லைசினுக்கு +1.08. அதாவது ஒன்று ரெசினில் ஏறக்குறைய ஒட்டாது, ஒன்று லேசாக ஒட்டும், ஒன்று பிடித்துக்கொண்டு உட்காரும். இந்தக் கணக்கை உங்கள் அறிக்கையில் முழுவதும் போட்டுக் காட்டுங்கள், அரைப் பக்கம் போதும்.

அப்படியானால் அமினோ அமிலங்கள் pI வரிசையில் வெளியே வரும் என்று எழுதலாமா?

வேண்டாம். இந்த மூன்றுக்கும் அது தற்செயலாகப் பொருந்தும்: 2.77, 5.97, 9.74. ஆனால் பினைல்அலனினின் pI 5.48, கிளைசினைவிடக் குறைவு. இருந்தும் இதே ரெசினில் அது கிளைசினுக்கு மிகவும் பின்னால்தான் வரும். லியூசினின் pI-யும் கிளைசினுடையதும் கிட்டத்தட்ட ஒன்றே, லியூசினும் பின்தங்கித்தான் வரும்.

காரணம் ரெசினின் உடல். பாலிஸ்டைரீன் முழுக்க பென்சீன் வளையங்கள். நீரை விரும்பாத பக்கச் சங்கிலிகள் அந்த வளையங்களோடு ஒட்டி நிற்கும். மின்சுமையோடு இந்தப் பிடிப்பும் சேர்ந்துதான் வரிசையைத் தீர்மானிக்கிறது. எனவே எந்த உச்சம் எந்த அமினோ அமிலம் என்று சொல்ல, தூய கரைசலைத் தனியாக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், அல்லது டியூப்பில் உள்ளதை மெல்லிய படலக் குரோமட்டோகிராபியில் வைத்து உறுதி செய்திருக்க வேண்டும்.

பஃபரை 5.28-க்கு மாற்றியதும் லைசின் வந்தது. pH ஏறியதால் மின்சுமை இழந்து வந்தது என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள். ஏன்?

அடித்தது சரிதான். லைசினின் pKa-க்கள் 2.18, 8.95, 10.53. pH 3.25-இல் அதன் நிகர மின்சுமை +1.08, 5.28-இல் +1.00. இடையில் குறைந்தது 0.08 மட்டும். லைசின் தன் நேர்மின்சுமையை உண்மையில் இழக்கத் தொடங்குவது pH 8-ஐத் தாண்டித்தான். அவ்வளவு சிறிய மாற்றத்தால் மட்டும் ரெசினில் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று முழுவதுமாக இறங்கி வராது.

மாறியது இன்னொன்று. Na⁺ செறிவு 0.2-இலிருந்து 0.35 M-க்கு ஏறியது. சல்போனிக் குழுவின் இடத்துக்கு லைசினோடு போட்டியிடும் அயனிகள் முக்கால் மடங்கு கூடிவிட்டன, அதனால்தான் லைசின் நகர்ந்தது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: Na⁺ செறிவை 0.2 M-இலேயே வைத்து pH 5.28 பஃபர் தயாரித்து ஓட்டினால், லைசின் மிகத் தாமதமாக, அகலமான தாழ்ந்த உச்சமாக வரும். அஸ்பார்டிக் அமிலம், கிளைசின் விஷயத்தில் pH-தான் முக்கிய காரணம், லைசின் விஷயத்தில் உப்பு. இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்லப் போனதுதான் சிக்கல்.

எல்லா டியூப்பிலும் லேசான ஊதா நிறம் வருகிறது. எது உச்சம், எது பின்னணி என்றே தெரியவில்லை.

அந்த ஊதா பெரும்பாலும் அமோனியா. பஃபர் பல நாள் திறந்து கிடந்திருக்கும், அல்லது ஆய்வகக் காற்றிலேயே அமோனியா இருக்கும். குழாயில் செலுத்தாத பஃபரை எடுத்து நின்ஹைட்ரின் சோதனை செய்யுங்கள். அதிலும் அதே நிறம் வந்தால் பஃபரை மாற்றுங்கள். பஃபர் தெளிவாக இருந்து டியூப்களில் மட்டும் வந்தால், முந்தைய ஓட்டத்தில் மிஞ்சிய லைசின் ரெசினிலிருந்து கசிகிறது. 0.2 M NaOH விட்டுக் கழுவி, மறுபடி சமநிலைப்படுத்துங்கள். விரல் பட்ட டியூப்களும் நிறம் தரும், ஆனால் அது அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருக்கும்.

கையேட்டில் லைசினுக்கு டிரிஸ் பஃபர் pH 8.5 சொல்லியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டிரிஸும் முதல்நிலை அமீன்தான், நின்ஹைட்ரினோடு வினைபுரியும். பூஜ்யம் வைக்க நீரைப் பயன்படுத்தாமல் அதே பஃபரைப் பயன்படுத்துங்கள்.

லைசின் மீட்பு 118 சதவீதம் வந்திருக்கிறது. ஏற்றியதைவிட அதிகமாக எப்படி வரும்?

வராது, நிறத்தைத் தவறான கோட்டோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். கிளைசினை நீரில் கரைத்து வரைந்த ஒரே தரக்கோட்டை மூன்றுக்கும் பயன்படுத்தினால் இப்படி ஆகும். ஒவ்வொரு அமினோ அமிலமும் மோலுக்குத் தரும் நிறம் ஒன்றல்ல. லைசினுக்கு இரண்டு அமினோ குழுக்கள், அதன் நிறம் சற்றுக் கூடுதல். மூன்றுக்கும் தனித்தனியே, அவை வெளியே வரும் அதே பஃபரில் தரக்கோடு வரையுங்கள். pH-உம் நிறத்தைப் பாதிக்கும். நின்ஹைட்ரின் வினைக்கு pH 5-ஐ ஒட்டிய சூழல் வேண்டும். அதற்காகத்தான் வினைப்பொருளில் செறிவான அசிடேட் பஃபர், pH 5.5, சேர்க்கிறார்கள். அந்த அசிடேட் இல்லாத ஸ்ப்ரே கரைசலைப் பயன்படுத்தினால் 3.25-இல் வந்த டியூப்கள் குறைவாகவும் 5.28-இல் வந்தவை அதிகமாகவும் நிறம் காட்டும்.

சரியான தரக்கோட்டோடு கணக்கு இப்படி அமையும். லைசின் வந்த நான்கு டியூப்களில் மி.லி.க்கு 0.35, 1.10, 0.62, 0.24 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2.31, ஒவ்வொன்றும் 2 மி.லி. என்பதால் 4.62 மைக்ரோமோல். ஏற்றியது 5.00 என்றால் மீட்பு 92 சதவீதம். மீதி 8 சதவீதத்துக்குக் காரணம் சொல்லும் முன், உச்சத்துக்கு இருபுறமும் உள்ள டியூப்களை விட்டுவிட்டீர்களா என்று வரைபடத்தைப் பாருங்கள். லைசின் உச்சத்தின் பின்வால் நீளமாக இருக்கும். அந்த வாலில் உள்ள டியூப்களையும் அளந்த பிறகு வரும் எண்ணைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.